பாஸ்வேர்டு சரிதான், வாசல்தான் பழையது

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதக் கடைசி. வங்கியிலிருந்து வர வேண்டிய மெயிலுக்காகக் காத்திருக்கிறார். அவுட்லுக் திறந்திருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு சிறிய சாம்பல் நிறப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. போடுகிறார், பெட்டி மறைகிறது. சில நொடிகளில் மறுபடி வருகிறது. எழுத்து எழுத்தாகப் பார்த்து மீண்டும் போடுகிறார். “நினைவில் வை” என்ற கட்டத்திலும் டிக் செய்கிறார். பலனில்லை.

“தம்பி, பாஸ்வேர்டு தப்பே இல்ல. பிரவுசர்ல போட்டா அதே பாஸ்வேர்டுல மெயில் திறக்குதே” என்கிறார், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம்.

“எதுக்கும் ரீசெட் பண்ணிப் பாத்துடலாம் மேடம்” என்று பதில் வருகிறது. ரீசெட் செய்கிறார்கள். இப்போது செல்போனில் இருந்த மெயிலும் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பிக்கிறது.

நிறுவனம் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய வாரங்களில் பல அலுவலகங்களில் இந்தக் காட்சி அரங்கேறியிருக்கிறது. பாஸ்வேர்டோடு செல்போனுக்கு வரும் எண்ணையோ ஒப்புதலையோ சேர்த்துக் கேட்கும் ஏற்பாட்டைத்தான் இரட்டைச் சரிபார்ப்பு என்கிறார்கள். அந்தப் பெண்மணி சொன்னது முழு உண்மை. அவருடைய பாஸ்வேர்டில் பிழையே இல்லை. பிழை இருப்பது அவருடைய அவுட்லுக் சர்வரோடு பேசும் முறையில். அந்தப் பழைய முறையில் “பாஸ்வேர்டு சரி, ஆனால் இன்னொரு சான்றும் வேண்டும்” என்று சர்வர் சொல்வதற்கு இடமே கிடையாது.

அந்தப் பழைய முறைக்கு பேசிக் ஆதென்டிகேஷன் என்று பெயர். மெயில் நிரலுக்கு ஏதாவது வேண்டும்போதெல்லாம், ஒவ்வொரு கோரிக்கையோடும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே அனுப்பிவிடும். பயனர் பெயர் raja, பாஸ்வேர்டு abc123 என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கையின் தலைப்பில் போகும் வரி இதுதான்:

```
Authorization: Basic cmFqYTphYmMxMjM=
```

பார்த்தால் ரகசிய எழுத்துபோல் தெரியும். உண்மையில் அது பேஸ்64 என்ற எழுத்து மாற்றம் மட்டுமே. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. எவர் வேண்டுமானாலும் நொடியில் திருப்பி raja:abc123 என்று படித்துவிடலாம். வழியில் யாரும் எட்டிப் பார்க்காமல் காப்பது வெளியே சுற்றியிருக்கும் டிஎல்எஸ் இணைப்பு மட்டும்தான்.

இந்த வரியைப் பெறும் சர்வருக்குப் பதில் சொல்ல இரண்டே வழிகள் உண்டு. ஏற்றுக்கொண்டால் மெயிலைக் கொடுக்கும். ஏற்காவிட்டால் 401 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண்ணுக்கு “அனுமதி இல்லை” என்பதைத் தாண்டிய விளக்கம் எதையும் பழைய நிரல் புரிந்துகொள்ளாது. 401 வந்ததும் அது ஒரே ஒரு முடிவுக்குத்தான் வரும்: பாஸ்வேர்டு தவறாக இருக்க வேண்டும், பயனரிடம் மறுபடி கேட்போம். பயனர் சரியான பாஸ்வேர்டையே மறுபடி கொடுக்கிறார். சர்வர் இரண்டாவது சான்று இல்லாததால் மறுபடி 401 தருகிறது. சாம்பல் பெட்டி ஓயாமல் வருவதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான்.

இரட்டைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்த நிறுவனங்கள் அந்தப் பழைய வழியை அப்படியே திறந்து வைத்திருக்கலாமே என்று தோன்றலாம். அப்படி வைத்திருந்தால் இரட்டைச் சரிபார்ப்பே வீண். திருடிய அல்லது ஊகித்த பாஸ்வேர்டோடு வருகிறவர்கள் பிரவுசர் வழியாக வரமாட்டார்கள், இரண்டாவது சான்று கேட்காத வழியைத்தான் தேடி வருவார்கள். எல்லோரும் வைக்கக்கூடிய சில பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கணக்குகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் தாக்குதல் ஒன்று உண்டு. அந்த வகைத் தாக்குதல்களில் 99 சதவீதத்துக்கு மேல் பழைய முறையில்தான் நடக்கின்றன என்பது மைக்ரோசாஃப்ட் தன் சொந்தப் பதிவுகளை வைத்துச் சொன்ன கணக்கு.

ஆகவே அந்நிறுவனம் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் சேவையில் பழைய முறையை மூடப்போவதாக 2019 செப்டம்பரில் அறிவித்தது. முதலில் குறித்த கெடு 2020 அக்டோபர். கொரோனா வந்ததால் அது தள்ளிப்போனது. 2022 அக்டோபர் 1 முதல் மூடத் தொடங்கி, 2023 தொடக்கத்தில் வேலையை முடித்தார்கள். இடைப்பட்ட மூன்றாண்டுகள்தான் பெரும் குழப்பக் காலம். பல நிறுவனங்கள் இரட்டைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்துவிட்டன, ஆனால் ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் பழைய முறையிலேயே பேசிக்கொண்டிருந்தன.

புதிய முறை எப்படி வேறுபடுகிறது? பெரிய மருத்துவமனைகளில் உள்நோயாளியைப் பார்க்கப் போனால் வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இந்த வார்டுக்கு, இத்தனை மணி வரை என்று எழுதி ஒரு சீட்டுத் தருவார்கள். அதன்பிறகு வார்டு வாசலில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறார்கள். ஓஆத் என்ற புதிய முறையும் இப்படித்தான். அவுட்லுக் பாஸ்வேர்டைத் தொடுவதே இல்லை. மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுப் பக்கத்தை ஒரு சாளரமாகத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாஸ்வேர்டு, செல்போன் ஒப்புதல் எல்லாம் அந்தப் பக்கத்தில் நடக்கின்றன. முடிந்ததும் அந்தப் பக்கம் ஒரு டோக்கனை அவுட்லுக்கிடம் தருகிறது. மெயில் சர்வருக்குப் போவது அந்த டோக்கன்தான்.

டோக்கனின் ஆயுள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். அது முடிந்ததும் கூடவே கொடுக்கப்பட்ட இன்னொரு டோக்கனைக் காட்டி, பயனரைத் தொந்தரவு செய்யாமலே புதியதை வாங்கிக்கொள்ளும். அந்தப் புதுப்பிப்பு டோக்கன் சாதாரணமாக 90 நாள் வரை செல்லும், பயன்படுத்தப் பயன்படுத்த நீண்டுகொண்டே போகும். இதனால்தான் புதிய முறையில் ஒழுங்காக இணைந்துவிட்ட கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் எதுவும் கேட்பதில்லை. பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் கணக்குக்குக் கொடுத்திருந்த புதுப்பிப்பு டோக்கன்கள் செல்லாமல் போகும். கணக்குப் பிரிவுப் பெண்மணியின் செல்போன் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டது இதனால்தான். அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் அந்த ரீசெட் நிறுத்திவிட்டது. இந்தச் சிக்கலில் முதலில் எல்லோரும் செய்வது ரீசெட், உதவாத வேலையும் அதுதான்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, கேட்கும் சாளரத்தின் முகத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். Windows Security என்ற தலைப்போடு, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே பெட்டியில் கேட்டால் அது பழைய முறை. வெள்ளைப் பின்னணியில் மைக்ரோசாஃப்ட் சின்னமோ நிறுவனத்தின் சின்னமோ தெரிய, வலைப்பக்கம்போல் முதலில் முகவரியும் அடுத்த பக்கத்தில் பாஸ்வேர்டும் கேட்டால் அது புதிய முறை. முதல் வகைப் பெட்டியில் எத்தனை முறை சரியாகப் போட்டாலும் உள்ளே போக முடியாது. அதை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடுவதுதான் வழி.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அவுட்லுக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. திரையின் கீழ் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவுட்லுக் படத்தின்மேல் Ctrl விசையை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்ய வேண்டும். வரும் பட்டியலில் Connection Status என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஓர் அட்டவணை திறக்கும். அதில் Authn என்ற பத்தியைப் பாருங்கள். Clear* என்று இருந்தால் பாஸ்வேர்டையே அனுப்பும் பழைய முறை, Bearer* என்று இருந்தால் டோக்கன் முறை. Ctrl அழுத்தாமல் கிளிக் செய்தால் இந்த வரி பட்டியலில் தெரியாது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

தொடக்கத்தில் சொன்ன கணக்குப் பிரிவுக் காட்சியை இனி முழுதாகப் பிரித்துப் பார்க்கலாம். பல அலுவலகங்களில் நடந்ததைச் சேர்த்து எழுதிய மாதிரி அது. காலம் 2021 என்று வைத்துக்கொள்வோம், பழைய முறை இன்னும் முழுதாக மூடப்படாத ஆண்டு. அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பது ஆஃபீஸ் 2016. நிர்வாகி முந்தைய நாள் இரவு எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டிருக்கிறார்.

காலையில் அவுட்லுக் வழக்கம்போல் வேலை செய்திருக்கிறது. பதினொரு மணிக்கு அவர் பிரவுசரில் மெயிலைத் திறந்தபோது செல்போன் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டது, செய்தார். சாம்பல் பெட்டி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த நேர இடைவெளி தற்செயல் இல்லை. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகப் போடும் முறையில் கணக்குக்கு Disabled, Enabled, Enforced என்று மூன்று நிலைகள் உண்டு. நிர்வாகி முதலில் வைப்பது Enabled. பயனர் செல்போனைப் பதிவு செய்யும் வரை பழைய நிரல்களைச் சேவை விட்டுவைக்கும். பதிவு முடிந்ததும் நிலை தானாக Enforced ஆகும், பழைய வழியில் வரும் பாஸ்வேர்டு அதன்பின் செல்லாது. “நேத்து போட்டோம், இன்னிக்கு காலைல கூட வேலை செஞ்சுதே” என்று சொல்லி இரட்டைச் சரிபார்ப்பைச் சந்தேகப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்ட இடங்களும் உண்டு.

இளைஞர் அடுத்து நல்ல கேள்வி ஒன்றைக் கேட்கிறார்: இந்தத் தொல்லை எல்லோருக்குமா, இவருக்கு மட்டுமா? எல்லோருக்கும் என்றால் கோளாறு நிறுவனத்தின் மெயில் அமைப்பில் இருக்கலாம். 2017 ஆகஸ்ட் 1-க்கு முன் தொடங்கிய எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் கணக்குகளில் புதிய முறை தானாகவே அணைந்திருந்தது. நிர்வாகிதான் போய் இயக்க வேண்டும். பவர்ஷெல்லில் அதைப் பார்ப்பதும் மாற்றுவதும் இரண்டு வரி வேலை:

```
Get-OrganizationConfig | Format-List OAuth2ClientProfileEnabled
Set-OrganizationConfig -OAuth2ClientProfileEnabled $true
```

ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அவுட்லுக் நன்றாக ஓடுகிறது. அங்கே Authn பத்தியில் Bearer*, இவருடையதில் Clear*. இருவரும் வைத்திருப்பது ஒரே ஆஃபீஸ் 2016. அப்படியானால் நிறுவனத்தின் அமைப்பு சரியாக இருக்கிறது, கோளாறு இந்த ஒரு கம்ப்யூட்டரில். பாஸ்வேர்டு ரீசெட் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. ரீசெட் தொடுவது கணக்கை, கோளாறு இருப்பதோ கம்ப்யூட்டரில்.

நிர்வாகிப் பக்கத்திலிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் நிர்வாகத் தளத்தில் உள்நுழைவுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. யார், எப்போது, எந்த நிரலிலிருந்து நுழைய முயன்றார்கள், ஏன் தோற்றார்கள் என்று ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி. தோல்விக்கு 50126 என்ற எண் இருந்தால் பெயரோ பாஸ்வேர்டோ உண்மையிலேயே தவறு. 50076 என்றால் இரண்டாவது சான்று தேவைப்பட்டது, வரவில்லை. திரையில் பயனருக்கு இரண்டுமே ஒரே சாம்பல் பெட்டியாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது இந்தப் பதிவேட்டில்தான். பழைய முறை முழுதாக மூடப்பட்ட பிறகு இன்னொரு நிலையும் வந்தது: பழைய வழியில் வரும் கோரிக்கையை மெயில் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடுவதால், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இடத்துக்கு அது போவதே இல்லை. பயனர் பத்து முறை போட்டேன் என்கிறார், பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த வெறுமையே, நிரல் பழைய வழியில் போய் நிற்கிறது என்பதற்கு நல்ல தடயம்.

ஆஃபீஸ் 2016 புதிய முறையைத் தானாகவே பேசக்கூடியது. இந்த ஒன்று மட்டும் ஏன் பேசவில்லை? விடை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கிறது:

```
HKEY_CURRENT_USER\Software\Microsoft\Office\16.0\Common\Identity
EnableADAL = 0
```

அந்த ஒற்றைச் சுழியம் புதிய முறையை அணைத்து வைத்திருக்கிறது. அதை யார் வைத்தார்கள்? பெரும்பாலும், முன்பு எப்போதோ உள்நுழைவில் வேறு ஏதோ சிக்கல் வந்தபோது அதைச் சரிசெய்ய வந்தவர். அந்தச் சுழியத்தை வைத்ததும் அன்றைக்குச் சாம்பல் பெட்டி வந்தது, பாஸ்வேர்டைப் போட்டதும் மெயில் வந்தது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். பழைய வழி திறந்திருந்த வரை அது வேலை செய்தது. அந்த வழி அடைபட்ட நாளில், வைத்தவரும் இல்லை, வைத்தது யாருக்கும் நினைவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்யும்போது மாற்றியதை எங்காவது எழுதி வைத்திருந்தால் அன்றைய அரை நாள் மிஞ்சியிருக்கும்.

இளைஞர் அவுட்லுக்கை மூடுகிறார். EnableADAL என்ற பதிவை அழிக்கிறார். அடுத்து கண்ட்ரோல் பேனலில் Credential Manager என்ற பகுதிக்குப் போய், Windows Credentials என்பதன் கீழ் MicrosoftOffice16_Data என்று தொடங்கும் பதிவுகளை நீக்குகிறார். பழைய பாஸ்வேர்டை “நினைவில் வை” என்று சொன்னபோதெல்லாம் விண்டோஸ் அதைச் சேமித்து வைத்த இடம் அது. அவற்றை விட்டுவைத்தால் அவுட்லுக் பழையதையே எடுத்து நீட்டக்கூடும். அவுட்லுக்கை மறுபடி திறக்கிறார். இந்த முறை வருவது வெள்ளைச் சாளரம், மேலே நிறுவனத்தின் சின்னம். முகவரி, பாஸ்வேர்டு, செல்போனில் வந்த ஆறு இலக்க எண். மெயில்கள் இறங்கத் தொடங்குகின்றன, Authn பத்தியில் Bearer* என்று வந்துவிட்டது. வங்கி மெயிலும் அதில் இருந்தது.

எல்லாக் கம்ப்யூட்டர்களும் இப்படிச் சரியாவதில்லை. ஆஃபீஸ் 2010 புதிய முறையைப் பேசவே பேசாது. அதில் எதை மாற்றினாலும் பயன் கிடையாது, மென்பொருளையே மாற்ற வேண்டும். ஆஃபீஸ் 2013 பேசும், ஆனால் கேட்டால்தான் பேசும். மேலே சொன்ன இடத்தில் 16.0 என்பதற்குப் பதில் 15.0 என்ற கிளையில் EnableADAL, Version என்ற இரண்டு பதிவுகளையும் 1 என்று வைக்க வேண்டும். அதற்கான ஆதரவும் 2023 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

சிறு நிறுவனங்களில் அடிக்கடி தென்படும் இன்னொன்று, மெயிலை பாப் அல்லது ஐமாப் முறையில் இணைத்திருப்பது. முன்பு வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் மெயில் வைத்திருந்தவர்கள் மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாறியபோது, பழக்கம் காரணமாகச் சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கொடுத்து அதே முறையில் இணைத்துவிட்டார்கள். விண்டோஸில் நெடுநாளாக இருக்கும் அவுட்லுக், மைக்ரோசாஃப்ட் 365 அலுவலகக் கணக்குக்கு பாப், ஐமாப் வழியில் டோக்கன் முறையைப் பேசுவதில்லை. மென்பொருள் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்த வகை இணைப்பில் சாம்பல் பெட்டிதான் வரும். கணக்கை எக்ஸ்சேஞ்ச் வகையாகப் புதிதாகச் சேர்ப்பதே தீர்வு. பாப் முறையில் இத்தனை ஆண்டுகள் இறக்கிய மெயில்கள் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். பழைய கணக்கை நீக்கும் முன் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரதி எடுத்து வைப்பது மிக அவசியம். செல்போனிலும் இதே கதை நடக்கலாம். பழைய முறையில் சேர்த்த கணக்கு தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால், அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் புதிய முறையில் இணைந்துகொள்ளும்.

இணையத்தில் தேடினால் இந்தச் சிக்கலுக்கு இன்றும் முதலில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, ஆப் பாஸ்வேர்டு உருவாக்குங்கள் என்பது. இரண்டாவது சான்றைக் கேட்கத் தெரியாத நிரல்களுக்காகவே கணினி உருவாக்கித் தரும் நீண்ட பாஸ்வேர்டு அது. ஒரே ஒருமுறைதான் திரையில் காட்டுவார்கள். ஒருகாலத்தில் அது நல்ல வழியாகவே இருந்தது. ஆனால் எந்தச் சேவைக்கு என்பதைப் பொறுத்து இன்று விடை மாறுகிறது. மைக்ரோசாஃப்ட் 365 அலுவலக மெயிலைப் படிக்க அது இனி உதவாது. ஆப் பாஸ்வேர்டும் பழைய வழியில்தான் போக வேண்டும், அந்த வழியே மூடப்பட்டுவிட்டது. சொந்த ஜிமெயில் கணக்கில், இரட்டைச் சரிபார்ப்பு இயங்கினால், 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட ஜோஹோவின் மெயிலிலும், இரட்டைச் சரிபார்ப்பு போட்ட கணக்கை வெளி மெயில் நிரலில் ஐமாப் வழியாக இணைக்க வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த நிரலுக்கென்று தனி பாஸ்வேர்டு உருவாக்கிப் போட வேண்டும். அது வேலை செய்யும் இடங்களிலும் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த பாஸ்வேர்டு யார் கையில் கிடைத்தாலும் இரண்டாவது சான்று இல்லாமலே மெயிலைத் திறந்துவிடும். ஒரு நிரலுக்கு ஒன்று என்று உருவாக்குவதும், அந்தக் கம்ப்யூட்டரைக் கைமாற்றும்போது அதை ரத்து செய்வதும் அதனால்தான்.

பழைய முறை மூடப்பட்டுவிட்ட இன்றைய நிலையில், வெள்ளைச் சாளரமே திரும்பத் திரும்ப வந்தால் என்ன பொருள்? நிரல் சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறது, டோக்கன்தான் கைக்கு வரவில்லை அல்லது நிலைக்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் அதிகம் கண்ணில் படுகின்றன. அவுட்லுக்கின் அடியில் Need Password என்று வருகிறது, அதைக் கிளிக் செய்தால் ஒரு வெள்ளைச் சாளரம் கண் இமைக்கும் நேரம் தோன்றி மறைகிறது என்றால், விண்டோஸில் டோக்கன்களைக் கையாளும் Microsoft.AAD.BrokerPlugin என்ற பகுதி பழுதாகியிருக்கலாம், அல்லது ஏதேனும் பாதுகாப்பு மென்பொருள் அதைத் தடுத்திருக்கலாம். நிர்வாகி அதை மறுபடி பதிவு செய்து சரிப்படுத்த முடியும். இந்த இடத்தில்தான் EnableADAL-ஐச் சுழியமாக்கு என்ற பழைய குறிப்பு மறுபடி தலைகாட்டும். அதைப் பின்பற்றினால், பாதி திறந்த வாசலை விட்டுவிட்டு முழுதாக மூடிய வாசலுக்குப் போய் நிற்பதாக ஆகும்.

இரண்டாவது காரணம் பழுதே அல்ல, நிறுவனத்தின் முடிவு. எத்தனை மணிக்கு ஒருமுறை மறுபடி அடையாளம் காட்ட வேண்டும் என்பதை நிர்வாகி ஒரு விதியாக வைக்க முடியும். அதை ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டால், ஊழியர் நாள் முழுக்க எண்களைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடிகாரம் வைத்ததுபோல் சீரான இடைவெளியில், அலுவலகம் முழுவதற்கும் கேள்வி வந்தால் பார்க்க வேண்டிய இடம் அந்த விதி. இப்படி அடிக்கடி கேட்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கும் நிர்வாகங்கள் மறுபடி யோசிப்பது நல்லது. ஓயாமல் கேட்கப்படுகிறவர் ஒரு கட்டத்தில் படித்துப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். 2022 செப்டம்பரில் உபெர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர் பயன்படுத்திக்கொண்டது இதைத்தான். ஓர் ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பத் திரும்ப உள்நுழைய முயன்றார், ஒவ்வொரு முறையும் ஊழியரின் போனுக்கு ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தது, கடைசியில் ஒன்றுக்கு ஊழியர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் தன் போன் செயலியில், திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து அடித்தால்தான் ஒப்புதல் என்ற முறையை 2023 மே மாதம் எல்லோருக்கும் கட்டாயமாக்கியதற்குப் பின்னணி இந்த வகைத் தாக்குதல்கள்தான்.

அதனால் அவுட்லுக் கேட்டுக்கொண்டே இருக்கும் நாளில் ஊழியர் செய்யக்கூடிய நல்ல காரியம், பாஸ்வேர்டு போடுவதை நிறுத்திவிட்டு, கேட்கும் சாளரத்தைப் படம் பிடித்து நிர்வாகிக்கு அனுப்புவது. சாம்பலா வெள்ளையா, எப்போது தொடங்கியது, பிரவுசரில் திறக்கிறதா, செல்போனில் வருகிறதா என்ற நான்கு விவரங்களும் கூட இருந்தால் அவர் பாதி தூரம் வந்துவிடுவார். “இவங்களுக்கு மட்டும் அதை எடுத்து விட்டுடலாம்” என்று இரட்டைச் சரிபார்ப்பைத் தளர்த்துவது எளிது. மெயில் உடனே ஓடத் தொடங்கும். ஆனால் அப்படித் தளர்த்தப்படும் கணக்குகள் பெரும்பாலும் கணக்குப் பிரிவினருடையதும் மேலாளர்களுடையதுமாக இருக்கின்றன, ஏனென்றால் காத்திருக்க முடியாமல் சத்தமாகக் கேட்பவர்கள் அவர்கள்தான். வங்கிக் கணக்கு விவரங்களும் பணம் அனுப்பும் உத்தரவுகளும் வந்துபோகும் பெட்டிகளும் அவைதான்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு மூலையில் சத்தமில்லாமல் நின்றுபோகும் கருவி ஒன்று உண்டு: ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் நகல் இயந்திரம். அதற்குள்ளும் யாரோ ஒருவரின் முகவரியும் பாஸ்வேர்டும் சேமிக்கப்பட்டிருக்கும். அது யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது, ஸ்கேன்கள் வராமல் போகும், அவ்வளவுதான். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி வழியில் மட்டும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் கூடுதல் காலம் விட்டுவைத்தது, மூடும் கெடுவையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைத்தது, இத்தகைய இயந்திரங்கள் ஏராளமாக இருப்பதால். ஆனால் இயந்திரத்தில் இருக்கும் கணக்கு இரட்டைச் சரிபார்ப்புக்குள் வந்த ஒருவருடையது என்றால் அந்தச் சலுகையும் உதவாது. இரட்டைச் சரிபார்ப்பைப் போடும் நிர்வாகி, அதற்கு முந்தைய வாரமே அலுவலகத்தைச் சுற்றிவந்து, மெயில் அனுப்பும் ஒவ்வொரு இயந்திரத்திலும் யாருடைய முகவரி இருக்கிறது என்று எழுதிக்கொள்வது நல்லது. பில்லிங் மென்பொருள், வருகைப்பதிவு இயந்திரம், கேமராவின் எச்சரிக்கை மெயில் ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.